சேமலாபக் காசா, லீசிங்கா: மலையகத்தில் ஒரு கார் வாங்கும் கணக்கு

மலையகத்துக் குடும்பம் ஒன்றின் கைக்குப் பெருந்தொகை மொத்தமாக வருவது அநேகமாக ஒரே ஒரு தடவைதான். அது அப்பாவோ அம்மாவோ வேலையிலிருந்து நின்ற பிறகு வரும் ஈ.பி.எஃப். காசு. லயத்து வீட்டுக்கும் அது நிற்கும் நிலத்துக்கும் உறுதி இல்லாதவர்களுக்கு, சொந்தப் பெயரில் இருக்கும் ஒரே சொத்தும் அதுதான். அந்தக் காசு வங்கிக்கு வந்து ஒரு மாதம் ஆகுமுன்னே வீட்டில் கார்ப் பேச்சு தொடங்கிவிடுகிறது. அதை ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. பிந்திய பஸ் போய்விட்டால் தோட்டத்துக்குப் போக வழியில்லை. இரவில் நெஞ்சுவலி என்றால் டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுபோக ஹயர் வாகனம் தேடித்தான் ஓட வேண்டும். இதையெல்லாம் பட்டவர்களுக்குத்தான் கார் எதற்கு என்று தெரியும்.

கார் வேண்டுமா என்பதை ஒவ்வொரு வீடும் தானே முடிவு செய்துகொள்ளட்டும். அந்தக் காசை எங்கிருந்து எடுப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். "வட்டி கட்டுவது வீண், கையில் இருக்கும் காசில் வாங்கிவிடுவோம்" என்பது ஒரு பேச்சு. "கைக்காசைத் தொடாதே, லீசிங் போடு" என்பது இன்னொரு பேச்சு. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. விடுபட்ட மற்றப் பாதி கணக்குப் போட்டால்தான் தெரியவரும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வேலையில் இருக்கும்போதே சேமலாப நிதியிலிருந்து கார் வாங்கக் காசு எடுக்க இலங்கைச் சட்டத்தில் வழியில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஊழியர் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் போடுகிறார்கள். ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் வேலையிலிருந்து நின்றால் அது கைக்கு வரும். நிரந்தர இயலாமை, நிரந்தரமாக வெளிநாடு போதல், ஓய்வூதியம் உள்ள அரச வேலைக்கு மாறுதல், திருமணத்தையொட்டிப் பெண்கள் வேலையை விடுதல் போன்றவை விதிவிலக்குகள். இடையில் எடுக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு சிறிய கதவைத் திறந்தது. பத்து வருடங்களுக்குக் குறையாமல் பணம் கட்டி, கணக்கில் குறைந்தது 3 லட்சம் ரூபா இருந்தால், 30 சதவீதம் வரை எடுக்கலாம். அதற்கு 20 லட்சம் என்ற மேல் எல்லை உண்டு. ஆனால் அது வீடு சம்பந்தப்பட்ட தேவைக்கும் மருத்துவத்துக்கும் மட்டும். வீட்டுக்கு என்று சொல்லி எடுத்துக் காருக்குப் போடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தோடு வீட்டுக்கோ காணிக்கோ உரிய ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். பொய் ஆவணம் கொடுத்து மாட்டிக்கொண்டால் காரை விடப் பெரிய செலவு வந்து சேரும்.

ஈ.டி.எஃப். கொஞ்சம் வேறு மாதிரி. முதலாளி மட்டும் 3 சதவீதம் போடும் நிதி அது. வேலையை விட்டாலோ மாறினாலோ ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம். ஈ.பி.எஃப்.பில் மொத்தம் 20 சதவீதம் சேரும்போது இதில் 3 சதவீதம்தான் சேர்கிறது என்பதால் தொகை சிறியது. கார் வாங்க அது போதாது, முற்பணத்தில் ஒரு பங்குக்கு உதவும்.

ஆகவே சேமலாபமா கடனா என்ற கேள்வி மலையகத்தில் உண்மையாக எழுவது 50, 55 வயதில்தான். சம்பளம் நின்றுபோன பிறகு எழும் கேள்வி அது. இந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டால் கீழே வரும் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

ஒரு குடும்பம், ஒரு கார், மூன்று வழி

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகத்தராக இருந்தவர் 55 வயதில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப்., சேவைக்காலப் பணம் எல்லாம் சேர்த்து 40 லட்சம் ரூபா வருகிறது. மகன் ஹட்டனில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். பார்த்து வைத்திருக்கும் பழைய சின்னக் கார் 30 லட்சம். நிலையான வைப்புக்கு வருடம் 8 சதவீதமும் லீசிங்குக்கு 16 சதவீதமும் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். நீங்கள் போகும் நாளில் வீதங்கள் கூடக் குறைய இருக்கலாம். அன்றைய எண்களைப் போட்டு இதே வழியில் கணக்குப் பார்த்தால் போதும்.

முதல் வழி, 30 லட்சத்தையும் கைக்காசாகக் கொடுப்பது. தவணை இல்லை, வட்டி இல்லை, கார் அன்றே சொந்தம். ஆனால் 40 லட்சமும் வைப்பில் இருந்திருந்தால் மாதம் 26,600 ரூபா அளவில் வட்டி வந்திருக்கும். மிச்சம் 10 லட்சம் மட்டும் என்றால் மாதம் 6,600 அளவில்தான் வரும். அதாவது மாதாமாதம் 20,000 ரூபா அந்த வீட்டுக்கு வராமல் போகிறது. லீசிங் கம்பனிக்காரர் கேட்டு வாங்கும் தவணை கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. சம்பளம் நின்றுபோன ஒரு வீட்டில் மாதம் 20,000 என்பது அரிசி, மருந்து, மின்சாரக் கட்டணம் எல்லாவற்றையும் தாங்கும் காசு.

இரண்டாவது வழி, 15 லட்சம் முற்பணம் கொடுத்து மிச்சம் 15 லட்சத்துக்கு மகன் பெயரில் ஐந்து வருட லீசிங். முழு விலைக்கும் லீசிங் கேட்க முடியாது. வாகனப் பெறுமதியில் எத்தனை சதவீதம் வரை கடன் கொடுக்கலாம் என்பதற்கு மத்திய வங்கி எல்லை வைக்கிறது. அந்த எல்லை வாகன வகைக்கு ஏற்பவும் காலத்துக்கு ஏற்பவும் மாறும். எப்படிப் பார்த்தாலும் ஒரு பங்கு கையிலிருந்துதான் போக வேண்டும். 16 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கான மாதத் தவணை 2,432 ரூபா வரும். 15 லட்சத்துக்கு மாதம் 36,477. அறுபது மாதத்தில் கட்டி முடிப்பது 21 லட்சத்து 89 ஆயிரம், அதில் வட்டி மட்டும் 6 லட்சத்து 89 ஆயிரம். மறுபக்கம், அப்பாவின் கையில் 25 லட்சம் மிஞ்சி, அது மாதம் 16,600 ரூபா அளவில் கொடுத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வழியைப் பற்றிக் கார் வாங்கும் இடத்தில் யாரும் சொல்வதில்லை. 15 லட்சத்தைக் கையால் கொடுத்துவிட்டு, மிச்சம் 25 லட்சத்தை வைப்பில் போட்டு, அந்த வைப்பை ஈடாக வைத்து அதே வங்கியில் 15 லட்சம் கடன் எடுப்பது. வைப்பின் பெறுமதியில் பெரும்பங்கு வரை வங்கிகள் இப்படிக் கடன் கொடுக்கும். வட்டி, வைப்பு வீதத்தை விட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூட இருக்கும். 10 சதவீதம் என்று எடுத்தால் மாதத் தவணை 31,871. மொத்த வட்டி 4 லட்சத்து 12 ஆயிரம். லீசிங்கை விட 2 லட்சத்து 76 ஆயிரம் குறைவு. வைப்பின் மாத வட்டியும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். காரின் சி.ஆர். புத்தகத்தில் நிதிக் கம்பனியின் பெயர் ஏறாது. நினைத்த நாளில் விற்கலாம்.

இதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வைப்பு ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்படும்போது அதன் வீதம் மாறினால், பெரும்பாலும் கடன் வீதமும் சேர்ந்து மாறும். லீசிங் தவணையோ பொதுவாகக் கடைசி வரை ஒரே அளவில் நிற்கும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்திய பிறகு வைப்பு வீதங்களும் கடன் வீதங்களும் 20ஐத் தாண்டியதைப் பார்த்தோம். அதற்கு முன் குறைந்த வீதத்தில் லீசிங் போட்டுவிட்டுச் சேமிப்பை வைப்பில் வைத்திருந்தவர்களுக்கு அது இலாபமான காலம். சேமிப்பை எல்லாம் வாகனத்தில் போட்டவர்களுக்கு அந்த வீதங்களால் ஒரு பயனும் இருக்கவில்லை.

கஷ்டம் வந்தால் எது போகும்?

வட்டிக் கணக்கை மட்டும் பார்த்தால் முதல் வழிதான் மலிவு. வைப்பு கொடுப்பது 8, கடன் கேட்பது 10 அல்லது 16 என்னும்போது, வைப்பை வைத்துக்கொண்டு கடன் வாங்குவது எப்போதும் நட்டம்தான். இதை மறைக்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் ஓய்வு பெற்றவரின் முழுக் காசையும் காரில் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு.

அப்பா 15 லட்சத்தை மகனுக்குக் கடனாகவே கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வைப்புக்கு வரும் அதே 8 சதவீதத்தில் மகன் திருப்பிக் கட்டினால் மாதம் 30,415 ரூபா. இருவருக்கும் நட்டமில்லை. காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் அப்பாவிடம் வாங்கிய காசுக்குத் தவணைத் தேதி கிடையாது. முதல் மூன்று மாதம் ஒழுங்காக வரும். பிறகு பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன், அடுத்து காருக்கு டயர், அதற்கடுத்து ஒரு கல்யாணம். அப்பா கேட்க மாட்டார், கேட்கத் தெரியாது. இது யாருடைய கெட்ட குணத்தாலும் நடப்பதல்ல. கேட்காத கடன் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். வங்கிக் கடனாக இருந்தால் மகனின் சம்பளக் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் தானாக வெட்டும்படி நிரந்தரக் கட்டளை போட்டுவிடலாம். நான் மூன்றாவது வழியை விரும்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கூடுதலாகப் போகும் வட்டி, அந்த ஒழுங்குக்குக் கொடுக்கும் விலை.

அடுத்தது, மகனின் வேலை போய்விட்டால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு வழியையும் வைத்துப் பார்க்க வேண்டும். லீசிங்கில் காருக்கு முழு உரிமையாளர் நிதிக் கம்பனி. சி.ஆர். புத்தகத்தைத் திறந்தால் மகனின் பெயர் பதிவு செய்த உரிமையாளராகவும், கம்பனியின் பெயர் அப்சல்யூட் ஓனர் என்றும் இருக்கும். தவணை நின்றால் கார் போகும். வைப்பை ஈடு வைத்த கடனில் கார் வீட்டிலேயே நிற்கும், வைப்பிலிருந்துதான் வங்கி எடுத்துக்கொள்ளும். ஒன்றில் கார் ஆபத்தில் இருக்கிறது, மற்றதில் முதுமைக் காசு ஆபத்தில் இருக்கிறது. மகனின் வருமானம் உறுதியில்லாதது என்றால், சுற்றுலாவையோ நாட்கூலியையோ நம்பியது என்றால், வட்டி கூடினாலும் லீசிங்கே அந்த வீட்டுக்குப் பாதுகாப்பாக இருக்கலாம். போவது காரோடு போகட்டும்.

ஆனால் அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கம்பனி காரைத் தூக்கிக்கொண்டு போய் விற்ற காசு மிச்சக் கடனுக்குப் போதாவிட்டால், குறையைக் கட்டும் பொறுப்பு தொடரும். பிணைக்குக் கையெழுத்துப் போட்டவரும் அதில் அகப்படுவார். மலையகத்தில் அந்தப் பிணைக் கையெழுத்து பெரும்பாலும் அப்பாவுடையது. லீசிங் போட்டதால் தன் வைப்பு தப்பியது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார், பிணைப் பத்திரத்திலோ அவர் பெயர் இருக்கும். முதுமைக் காசைக் காப்பாற்றத்தான் லீசிங் என்றால், பிணைக்கு வேலையில் இருக்கும் வேறு ஒருவரைத் தேட வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் அந்த லீசிங்கால் வரும் பாதுகாப்பு பாதிதான்.

விலைமனுத் தாளைப் பார்க்கும் விதம்

நிதிக் கம்பனியில் தரும் விலைமனுத் தாளில் கண்ணில் படுவது இரண்டே எண்கள்: மாதத் தவணை, எத்தனை மாதம். வட்டி எவ்வளவு என்று கேட்டால் "வருடத்துக்கு 9 சதவீதம்" என்று ஒருவர் சொல்லக்கூடும். 16 சதவீதம் கேட்கும் பக்கத்துக் கம்பனியை விட இது எவ்வளவோ மலிவு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 லட்சத்துக்கு 9 சதவீதம், ஐந்து வருடத்துக்கு 6 லட்சத்து 75 ஆயிரம். அசலோடு கூட்டி அறுபதால் வகுத்தால் மாதம் 36,250. மற்றக் கம்பனியின் தவணை 36,477. வித்தியாசம் 227 ரூபா. முதலாவது, கடன் குறையக் குறைய வட்டியைக் குறைக்காமல் முதல் நாள் தொகைக்கே ஐந்து வருடமும் வட்டி போடும் ஃப்ளாட் முறை. இரண்டாவது, மிச்சத்துக்கு மட்டும் போடும் முறை. சொல்லும் சதவீதம் வேறாக இருந்தாலும் போகும் காசு ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே சதவீதத்தை விட்டுவிடுங்கள். தவணையை மாதங்களால் பெருக்கி, அதோடு ஆவணக் கட்டணம் போன்றவற்றையும் கூட்டி, எடுத்த கடனைக் கழியுங்கள். வருவதுதான் கடனின் விலை. இரண்டு கம்பனிகளை ஒப்பிடும்போது கடன் தொகையும் மாதங்களும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு யோசனையும் நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும். வேலையில் இருக்கும்போதே 52 வயதில் லீசிங் போட்டு, 55இல் ஈ.பி.எஃப். வந்ததும் மொத்தமாகக் கட்டி முடித்துவிடலாம் என்பது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவணையின் வட்டிப் பங்கு ஆரம்பத்தில்தான் அதிகம். நம் உதாரணத்தில் முதல் வருடம் கட்டுவது 4 லட்சத்து 38 ஆயிரம், கடன் குறைவதோ 2 லட்சத்து 13 ஆயிரம்தான். மூன்று வருடம் முடியும்போது மிச்சம் 7 லட்சத்து 45 ஆயிரம் இருக்கும். அதை அன்று ஒரேயடியாகக் கட்டினால் மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம் மட்டும். மொத்த வட்டியில் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது. முன்கூட்டியே முடிப்பதற்குக் கம்பனி கட்டணம் எடுத்தால் இன்னும் குறையும். முழுக் காசும் வட்டியோடு கையில் இருக்க வேண்டிய நேரத்தில் 7 லட்சத்தை இப்படிக் கொடுப்பதில் பெரிய இலாபம் இல்லை. முன்கூட்டி முடிக்கும் எண்ணம் இருந்தால் முதல் ஒன்றரை, இரண்டு வருடத்துக்குள் முடிப்பதில்தான் பலன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், 12ஆம் மாதமும் 24ஆம் மாதமும் முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வாகனம் வாங்கினால் விலை ஏறும், காசு வீணாகாது என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வானத்திலிருந்து விழுந்த நம்பிக்கை அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. ரூபாவும் விழுந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த வருடங்களில் ஓட்டி ஓட்டித் தேய்ந்த கார்கள் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்கப்பட்டன. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் கார் ஒரு முதலீடு என்று நம்புவதில் வியப்பில்லை. ஆனால் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிட்டது. தட்டுப்பாடு கொடுத்த அந்த விலை ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. மலைநாட்டு ஏற்ற இறக்கத்தில் ஓடும் காருக்கு கிளட்ச்சும் பிரேக்கும் சமதரையை விட வேகமாகத் தேயும். 30 லட்சத்துக்கு வாங்கியது ஐந்து வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் 10 லட்சம் போய்விடும். காருக்கு எந்தக் காசைப் போட்டாலும் இந்த இழப்பு ஒன்றுதான். முதுமைக் காசைப் போட்டிருந்தால் அதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை என்பதுதான் வித்தியாசம்.

காப்புறுதியிலும் இரண்டு வழிக்கும் வேறுபாடு உண்டு. லீசிங் என்றால் முழுக் காப்புறுதி போட்டே ஆக வேண்டும். கைக்காசில் வாங்கியவர்கள் செலவைக் குறைக்க மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு நின்றுவிடுகிறார்கள். முழுச் சேமிப்பும் ஒரு வண்டியில் இருக்கும்போது அதை இப்படி விடுவது மிகப் பெரிய ஆபத்து. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி மலையகத்தில் செய்ததைப் பார்த்த பிறகு இதை வற்புறுத்திச் சொல்கிறேன். முழுக் காப்புறுதி எடுத்தாலும், வெள்ளமும் மண்சரிவும் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பத்திரத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

காசு கைக்கு வரும் நேரமும் திட்டத்தைக் குழப்பும். ஓய்வு பெற்ற மாதமே ஈ.பி.எஃப். வந்துவிடும் என்று நம்பி வாகனத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. தோட்டப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டு, பிறப்புச் சான்றிதழில் வேறு ஒன்று என்றால், தொழில் அலுவலகத்தில் கே படிவத்தைக் கொடுத்த பிறகும் அது இழுபடும். சில வருடங்களுக்குத் தோட்டம் பணமே கட்டியிருக்காது, அது அப்போதுதான் தெரியவரும். ஓய்வுக்கு இரண்டு மூன்று வருடம் இருக்கும்போதே கணக்கு மீதியை எடுத்துப் பார்த்து, பெயர்ப் பிழையைத் திருத்திக்கொள்வது நல்லது. காசு வங்கிக் கணக்கில் விழுந்ததைப் பார்க்கும் வரை அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது.

வைப்பில் போடும்போதும் இரண்டு விஷயம். வட்டிக்கு 2025 ஏப்ரலிலிருந்து 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குக் குறைவு என்றால் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். கூட வட்டி தருகிறார்கள் என்று எல்லாக் காசையும் ஒரே நிதிக் கம்பனியில் போடவும் வேண்டாம். வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் வரைதான்.

இதுவரை சொன்னது 40 லட்சம் வந்த வீட்டுக்கான கணக்கு. கொழுந்து பறித்த அம்மா ஒருவர் 50 வயதில் நிற்கும்போது வருவது அதில் ஒரு சிறு பங்குதான். 2021 வரை அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. மாதம் 25 நாள் வேலை செய்தாலும் இரு தரப்பும் சேர்ந்து சேமலாபத்துக்குப் போட்டது 3,500 ரூபாதான். அதற்கு முந்திய வருடங்களில் இன்னும் குறைவு. அந்தக் காசைக் காருக்கோ மகனின் ஆட்டோவுக்கோ எடுக்கும் யோசனையை நான் ஏற்கமாட்டேன், வட்டி எவ்வளவு மிச்சமானாலும் சரி. அவருக்கு முன்னால் இன்னும் இருபத்தைந்து, முப்பது வருட வாழ்க்கை இருக்கிறது. ஓய்வூதியம் கிடையாது. குடும்பத்துக்கு வாகனம் வேண்டியே ஆக வேண்டும் என்றால், சேவைக்காலப் பணத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். நாட்கூலித் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்பது சட்டம். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாவைக் கடைசிச் சம்பளமாக எடுத்தால், முப்பது வருட சேவைக்கு 5 லட்சத்து 67 ஆயிரம். அதிலிருந்தும் ஈ.டி.எஃப்.பிலிருந்தும் அவர் மனமுவந்து கொடுக்கும் பங்கை முற்பணமாக வைத்து, மிச்சத்துக்கு மகன் தன் பெயரில் லீசிங் போடட்டும், பிணைக்குத் தன் வயதில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். ஈ.பி.எஃப். காசு அம்மாவின் பெயரில், அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டு எடுக்கக்கூடிய கணக்கில், மாதாமாதம் வட்டி வரும் வைப்பாகக் கிடக்க வேண்டும்.